எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரே அளவுகோல்: தங்கிலீஷ் கருத்துகளுக்கு லேபிள் இடுவது எப்படி

`padam kollam` என்று ஒரு கருத்து திரையில் வருகிறது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து லேபிள் போடுகிறவர் இதைக் "கெட்டது" பெட்டியில் போட்டுவிடலாம். "கொல்லும்", "கொல்றான்" என்றுதான் அவர் காதில் விழும். கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது மலையாளக் "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது. இரண்டு பேரும் நேர்மையாகத்தான் வேலை செய்கிறோம். தரவில் மட்டும் ஒரே வரி இரண்டு விதமாகப் பதிவாகிவிடுகிறது.

நான் செய்வது சினிமா டிரெய்லர், பாட்டு வீடியோக்களுக்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதப்படும் கருத்துகளை வகைப்படுத்தும் வேலை. 2020-இல் வெளியான தமிழ்–ஆங்கிலக் கலப்பு யூடியூப் கருத்துத் தொகுப்பு ஒன்றில் ஐந்து பெட்டிகள் இருந்தன: நேர்மறை, எதிர்மறை, கலவை, தெரியாத நிலை, தமிழ் அல்ல. எங்கள் வேலையில் கலவை கிடையாது. பேச்சுவழக்கில் நாங்கள் வைத்திருக்கும் பெயர்கள் நல்லது, கெட்டது, தெரியல, தமிழில்லை. மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 மணி வரை, மணிக்குச் சுமார் நூறு கருத்துகள்.

முதல் மணி நேரத்தில் எல்லோரும் ஒழுங்காகத்தான் லேபிள் போடுவார்கள். ஏழாவது மணி நேரத்தில் போடும் லேபிள் முதல் மணி நேரத்து லேபிளோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கைட்லைனைக் கேள்விகளாக மாற்றுங்கள்

கைட்லைன் பெரும்பாலும் வரையறைகளாக எழுதப்பட்டிருக்கும். "எழுதியவர் படத்தைப் பற்றி நல்ல கருத்து வெளிப்படுத்தினால் நல்லது" என்பது போல. படிக்கும்போது தெளிவாக இருக்கும். வரிசையாக நூறு கருத்துகள் வந்து விழும்போது வரையறை கைகொடுக்காது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று அது சொல்லாது.

அதனால் வேலை தொடங்கும் முன் கால் மணி நேரம் ஒதுக்கி, கைட்லைனை நான்கைந்து கேள்விகளாக வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். என் தாளில் இருப்பது இவ்வளவுதான்: இது தமிழா? தமிழ் என்றால், கருத்து எதைப் பற்றியது, படத்தைப் பற்றியா வேறு எதையாவது பற்றியா? படத்தைப் பற்றி என்றால், எழுதியவர் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறாரா, வெறும் தகவலா? அபிப்பிராயம் என்றால் எந்தப் பக்கம்?

இந்த வரிசை மாறக்கூடாது. "பாட்டு நல்லாருக்கு, படம் மொக்கை" என்ற கருத்து வரும்போது முதலில் "நல்லாருக்கு" கண்ணில் பட்டு நல்லது என்று கை போய்விடும். எதைப் பற்றியது என்ற கேள்வியை முன்னால் வைத்திருந்தால் பாட்டை ஒதுக்கிவிட்டு, படத்தைப் பற்றிய தீர்ப்பை எடுப்போம். எங்கள் கைட்லைன் சொல்வதும் அதுதான், ஆனால் ஆறாவது பக்கத்தில் சொல்கிறது.

தாளின் மேல் மூலையில் கைட்லைனின் பதிப்பு எண்ணை எழுதுங்கள். வேலை நடுவில் புதிய பதிப்பு வரும். எந்தக் கருத்திலிருந்து புதியதைப் பின்பற்றினோம் என்பது பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

இரண்டாம் படி: குழப்பம் எந்த வகை என்று பிரியுங்கள்

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகவும் உதவியது இதுதான் என்று சொல்வேன். ஒரு கருத்தில் கை தயங்கினால் உடனே "எந்த லேபிள்?" என்று கேட்காதீர்கள். "ஏன் தயங்குகிறேன்?" என்று கேளுங்கள். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதலாவது, கருத்திலேயே தகவல் இல்லை. `nalla padam` என்பது தமிழா மலையாளமா? நல்ல, படம் இரண்டும் இரண்டு மொழியிலும் அப்படியே உண்டு. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இங்கே யோசிப்பதை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே முடிவு செய்த ஒரு விதியைப் போட வேண்டும். எங்கள் விதி: முழுவதையும் தமிழாகப் படிக்க முடிந்தால் தமிழ்தான்.

இரண்டாவது, எனக்குத் தெரியாத விஷயம். வசனக் குறிப்போ, ரசிகர்களின் பட்டப்பெயரோ, தெலுங்குச் சொல்லோ வந்திருக்கலாம். கருத்தில் தகவல் இருக்கிறது, என்னிடம்தான் இல்லை. இதைத் "தெரியல" பெட்டியில் போடுவது தவறு. எழுதியவரின் மனநிலை தெரியவில்லை என்பதற்குத்தான் அந்தப் பெட்டி, லேபிள் போடுகிறவருக்குத் தெரியவில்லை என்பதற்கு அல்ல. ஸ்கிப் பொத்தானோ ஃப்ளாக் பொத்தானோ இருந்தால் அதை அழுத்துங்கள். புதிதாகச் சேருகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இது. ஒருவருக்குத் தரப்படும் கருத்துத் தொகுதியான பேட்சில் "தெரியல" மற்றவர்களைவிட இரண்டு மடங்கு இருந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

மூன்றாவது, கைட்லைன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. "படம் வரட்டும் பாக்கலாம்" என்ற வரி ஆவலா, அலட்சியமா? கைட்லைனை எழுதியவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே தற்காலிக விதி ஒன்றை நீங்களே போட்டு, குறித்து வைத்து, டீம் லீடிடம் கேளுங்கள். பதில் வரும்வரை அந்தத் தற்காலிக விதியை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

நான்காவது, கைட்லைனின் இரண்டு விதிகள் மோதுகின்றன. இதுதான் ஆபத்தானது. இரண்டில் எதை எடுத்தாலும் சரியாகத்தான் தோன்றும், அதனால் தயக்கமே வராமல் மூன்று மணிக்கு ஒன்றும் ஐந்து மணிக்கு இன்னொன்றும் போடுவோம். கீழே சொல்லப்போகும் சம்பவம் இந்த வகைதான்.

எல்லையில் இருப்பவர்களின் காது

கொஞ்சம் எங்கள் ஊர்க் கதை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழோ மலையாளமோ, பஸ்ஸில் இரண்டும். பொள்ளாச்சிக்குப் போய் "அடிபொளி" என்று சொன்னால் சிரிப்பார்கள், இங்கே அது எங்கள் சொல் மாதிரிதான். இரண்டு மொழியும் தெரிவது இந்த வேலைக்கு லாபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. இரண்டும் வீட்டு மொழி மாதிரி ஆகிவிட்டால் எது எந்த மொழி என்று காது உறுத்தாது. தமிழில்லை என்று போட வேண்டியதைத் தமிழாகவே படித்துவிட்டுப் போய்விடுவோம்.

எங்கள் ஹாலில் பொள்ளாச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு நாள் என் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எப்படி தமிழ் ஆகும்? `padam adipoli aanu` மலையாளம்ல?" என்று கேட்டான். பார்த்தால் அப்பட்டமான மலையாளம். நான் தமிழ், நல்லது என்று போட்டுவிட்டு நான்கு கருத்து தாண்டியிருந்தேன்.

அன்றிலிருந்து மொழியைக் காதை வைத்து முடிவு செய்வதில்லை. பெயர்ச்சொல்லைப் பார்ப்பதும் இல்லை, ஏனென்றால் படம், பாட்டு, மாஸ், சூப்பர் எல்லாம் எங்கும் பாயும். வினைமுடிவையும் சின்ன ஒட்டுகளையும் பார்க்கிறேன். `aanu`, `und`, `alle`, `nannayi` இருந்தால் மலையாளம். `iruku`, `-unga`, `-laam`, `pannu` இருந்தால் தமிழ். `illa` இரண்டிலும் உண்டு, அதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. `adipoli bgm da` மாதிரி வினையே இல்லாத கருத்து என்றால் முன்னால் சொன்ன முதல் வகைதான். "அடிபொளி" தமிழ் இளைஞர்களும் எழுதும் சொல்லாகிவிட்டதால், அந்த ஒரு சொல்லை மட்டும் காரணமாக வைத்து வெளியே தள்ளுவதில்லை என்று டீம் லீடோடு பேசி முடிவு செய்தோம். `kollam` தனியாக வந்தால் மலையாளம், தமிழில்லை.

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குச் சொற்கள் வேறாக இருக்கும், பிரச்சினை இதுவேதான்.

மூன்றாம் படி: முடிவு நோட்டு

ஒரு குழப்பத்தைத் தீர்த்த கையோடு அதை எழுதி வையுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். இருநூறு கருத்து தாண்டினால் என்ன முடிவு எடுத்தோம் என்பது நினைவிருக்கும், ஏன் எடுத்தோம் என்பது மறந்துபோகும்.

எழுதும்போது கருத்தை எழுதாமல் அதன் குணத்தை எழுதுங்கள். "இந்தக் கருத்து கெட்டது" என்று எழுதி வைத்தால் அதே கருத்து மறுபடி வந்தால்தான் பயன்படும். "புகழ்ச்சி வார்த்தை + தொடரச் சொல்லும் வினை + முந்தைய தோல்வியைக் குறிப்பது = கிண்டல்" என்று எழுதினால் அடுத்த ஐம்பதுக்கும் பொருந்தும். இன்னொரு காரணமும் இருக்கிறது. வாடிக்கையாளரின் தரவை நோட்டிலோ சொந்த போனிலோ நகல் எடுக்க பல வேலைகளில் அனுமதி கிடையாது. கருத்தின் எண்ணும் குணமும் மட்டும் எழுதினால் அந்தச் சிக்கலும் வராது.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

```
எண்: 14   நேரம்: 3.40
கருத்து எண்: 0231
குறி: கிண்டல்
குணம்: நல்ல சொல், ஆனால் தொடரச் சொல்லிக் குத்துவது
முடிவு: கெட்டது
விதி: 4.2 (எழுதியவரின் நோக்கம்)
நிலை: தற்காலிகம், லீடிடம் கேட்டாயிற்று
```

"குறி" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். விதி பின்னால் மாறினால் எதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்த ஒரு சொல்தான் உதவும். அதனால் முடிவு எடுத்த பிறகும், அதே குணமுள்ள கருத்து வரும்போதெல்லாம் அதன் எண்ணை மட்டும் அந்தக் குறிக்குக் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு ஷிஃப்டுக்கு இருபது பதிவுக்கு மேல் போனால் நோட்டு பயன்படாது, தேட நேரம் ஆகும். அப்படி ஆனால் கைட்லைனில்தான் ஓட்டை என்று லீடிடம் சொல்லுங்கள்.

நான்காம் படி: உங்களை நீங்களே மறுபடி அளப்பது

முதல் இரண்டு மணி நேரத்தில் லேபிள் போட்டதில் 50 கருத்துகளின் எண்களைத் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அப்போது போட்ட லேபிளை எழுதி, அந்தப் பகுதியை மடித்து மறைத்துவிடுங்கள். மாலை 7 மணிக்கு மேல் அதே 50 கருத்துகளைத் திறந்து, பழைய லேபிள் திரையில் தெரியாதபடி மறுபடி முடிவு செய்யுங்கள். டூல் பழைய லேபிளைக் காட்டும் என்றால், அந்த 50-ஐ வரிசையில் மறுபடி கலந்து அனுப்பச் சொல்லி லீடிடம் கேட்கலாம்.

எந்த 50 என்பதில் கவனம் வேண்டும். சிரிக்க வைத்ததும் கோபப்படுத்தியதும் மனதில் நின்றுவிடும். மறுபடி பார்க்கும்போது தீர்மானிக்க மாட்டோம், ஞாபகத்திலிருந்து எடுத்து வைப்போம். சாதாரணமான, முகம் தெரியாத கருத்துகளையே எடுங்கள். அப்படி எடுத்தாலும் ஒரே நாளில் செய்யும் அளவீடு கொஞ்சம் தாராளமாகத்தான் வரும்.

எனக்கு ஒரு நாள் வந்தது இது. 50-இல் 40 பொருந்தின, 10 மாறின. முதல் முறை நல்லது 20, கெட்டது 15, தெரியல 10, தமிழில்லை 5. இரண்டாம் முறை நல்லது 20, கெட்டது 9, தெரியல 16, தமிழில்லை 5.

எண்பது சதவீதம் என்றால் பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கொஞ்சம் பொருந்தத்தானே செய்யும்? அதைக் கழிக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பா என்ற அளவைக் கொடுத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முறையும் வந்த பங்கைப் பெருக்கிக் கூட்டினால் தற்செயலான பொருத்தம் கிடைக்கும். நிஜப் பொருத்தமான 0.80-இலிருந்தும் 1-இலிருந்தும் அதைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கப்பா:

```
0.40×0.40 + 0.30×0.18 + 0.20×0.32 + 0.10×0.10 = 0.288
(0.80 − 0.288) / (1 − 0.288) = 0.72
```

0.72 மோசமில்லை. இந்த எண்ணோடு நின்றிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். நல்லவேளையாக மாறிய பத்தையும் பிரித்துப் பார்த்தேன். நல்லதிலிருந்து தெரியலவுக்கு ஒன்று, தெரியலவிலிருந்து நல்லதுக்கு ஒன்று, தெரியலவிலிருந்து கெட்டதுக்கு ஒன்று. மீதி ஏழும் கெட்டதிலிருந்து தெரியலவுக்கு.

இரண்டு பக்கமும் சமமாகப் போய் வரும் மாற்றம் சாதாரணக் களைப்பு, இரைச்சல். தேநீர் குடித்துவிட்டு வந்தால் குறையும். ஒரே திசையில் போகும் மாற்றம் வேறு. நமக்கே தெரியாமல் அளவுகோல் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஓய்வு எடுத்தாலும் சரியாகாது. கப்பா இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

அந்த ஏழு கருத்துகள்

ஏழில் ஆறு `ippadiye eduthutte irunga` போன்றவை. "இப்படியே எடுத்துட்டே இருங்க." தோற்றத்தில் ஊக்கம், உள்ளே குத்தல்.

மதியம் நான் 4.2-ஆம் விதியைப் பின்பற்றியிருக்கிறேன்: எழுதியவரின் நோக்கத்துக்கு லேபிள் போடு. கெட்டது. மாலையில் என்னை அறியாமல் 5.1-க்குப் போயிருக்கிறேன்: கருத்துக்கு வெளியே உள்ள தகவலைப் பயன்படுத்தாதே. அந்தப் படத்தின் நடிகருடைய முந்தைய படம் ஓடவில்லை என்பது வெளித் தகவல். அது தெரியாவிட்டால் இந்த வரி கிண்டலா நிஜமா என்று சொல்ல முடியாது. தெரியல.

ஏன் மாலையில் மாறினேன்? இடையில் 5 மணி வாக்கில் வந்த பேட்ச் முழுக்க ஒரு பக்திப் பாட்டு வீடியோ. நூற்றுக்கும் மேல் உருக்கமான, நேரான கருத்துகள். அதற்குப் பிறகு கிண்டலைக் கேட்கும் காதே மங்கிவிட்டது. `ippadiye eduthutte irunga` உண்மையான வாழ்த்தாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. நேர்மாறாகவும் நடக்கும். ரசிகர் சண்டைக் கருத்துகளை ஒரு மணி நேரம் படித்த பிறகு வரும் "பரவால்ல" பெரிய பாராட்டாகத் தெரியும். அதனால் ஒரே வீடியோவின் கருத்துகள் மொத்தமாக வராமல் கலந்து வரும்படி வரிசையை அமைக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், ஒரு வீடியோ முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மதியம் லேபிள் போட்ட பத்துக் கருத்துகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

லீட் சேச்சியிடம் கேட்டேன். கேட்ட விதத்தையும் சொல்கிறேன், அதுவும் வேலையில் சேர்த்திதான். "இது என்ன லேபிள்?" என்று கேட்டால் ஒரு கருத்துக்கு மட்டும் பதில் வரும். நான் எழுதியது: 4.2-உம் 5.1-உம் மோதுகின்றன. இந்தக் குணமுள்ள கருத்து இன்று இதுவரை 38 வந்தன. 4.2 முந்தினால் கெட்டது, 5.1 முந்தினால் தெரியல. எது முந்தும்?

இரவு 8.10-க்குப் பதில் வந்தது. கிண்டலுக்கான அடையாளம் வரிக்குள்ளேயே இருந்தால், அதாவது சிரிப்புப் பொம்மை, இழுத்து எழுதிய சொல், "மறுபடியுமா" போன்ற சொல் இருந்தால், 4.2. வரிக்குள் எதுவும் இல்லை என்றால் 5.1.

ஐந்தாம் படி: விதி மாறினால் பின்னால் போங்கள்

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் "சரி, இனிமேல் இப்படிப் போடலாம்" என்று முன்னால் போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் மதியம் ஒரு விதி, இரவு ஒரு விதி என்று பேட்ச் நடுவில் வெட்டுப்பட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெட்டு எங்கே என்றும் தெரியாது. அதைவிடப் பேட்ச் முழுவதும் பழைய, கொஞ்சம் தவறான விதியிலேயே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரே மாதிரியான தவறைப் பின்னால் மொத்தமாகத் திருத்த முடியும்.

"கிண்டல்" குறியின் கீழ் 38 எண்கள் இருந்தன. அவற்றை மட்டும் திறந்து புதிய விதிப்படி பார்த்தேன். 21 கெட்டது, 17 தெரியல. இருபத்தைந்து நிமிடம் ஆனது. குறி இல்லாவிட்டால் அன்று கெட்டது, தெரியல என்று போட்ட அத்தனையையும் திறந்திருக்க வேண்டும். குறியில் சேர்க்க மறந்தவையும் இருக்கலாம் என்பதால், அந்த இரண்டு பெட்டியிலிருந்தும் தலா பதினைந்தைச் சும்மா திறந்து பார்த்தேன். ஒன்று தப்பியிருந்தது.

இருபத்தைந்து நிமிடம் என்றால் அன்றைய எண்ணிக்கையில் நாற்பது குறையும். எண்ணிக்கைக்குச் சம்பளம் தரும் இடங்களில் இது கையைக் கடிக்கும். முன்பு நான் வேலை செய்த ஓர் இடத்தில் திரும்பப் பார்க்கும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள், அதனால் அங்கே யாரும் திரும்பப் பார்க்கவும் இல்லை. சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தரம் பார்க்கும் க்யூசி தவறு என்று திருப்பினால்

நம் லேபிளும், சரியான விடை என்று முன்கூட்டியே வைத்திருக்கும் கோல்டு லேபிளும் பொருந்தாவிட்டால் உடனே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். நோட்டைத் திறந்து எந்த விதியின் கீழ் போட்டோம் என்று பாருங்கள். விதி எண்ணும் குணமும் எழுதியிருந்தால் இரண்டு வரியில் முடியும். `padam kollam`-க்கு எனக்கு ஒரு முறை தவறு என்று வந்தது, கோல்டில் "கெட்டது". தமிழில்லை என்பதற்கான காரணத்தை எழுதி அனுப்பினேன், கோல்டைத் திருத்தினார்கள். நான்கில் மூன்று முறை தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷிஃப்ட் முடியும்போது

கடைசிப் பத்து நிமிடம் லேபிள் போடாதீர்கள். அடுத்த ஷிஃப்டுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: கைட்லைன் பதிப்பு எண், இன்று உறுதியான விதிகள், இன்னும் தற்காலிகமாக நிற்கும் விதிகள், பதில் வராத கேள்விகள், எந்தக் கருத்து எண் வரை புதிய விதிப்படி திருத்தியாயிற்று. அன்று நான் எழுதியதில் கடைசி வரி, "வரட்டும் பாக்கலாம், இன்னும் பதில் இல்லை, இப்போதைக்கு தெரியல" என்பது. மறுநாள் மதியம் நான் வந்து உட்கார்ந்தபோது காலை ஷிஃப்டில் அந்த மாதிரி வந்த பதினொன்றும் தெரியல பெட்டியிலேயே இருந்தன. பதில் அதற்கு அடுத்த நாள்தான் வந்தது, அதுவும் வேறு மாதிரி. இருவருடைய எண்களும் குறியின் கீழ் இருந்ததால் டீ ஆறுவதற்குள் மாற்றி முடித்துவிட்டோம்.